கெட்டிக்காரப் பிள்ளையும் அப்பாவின் தொழிலும்

பள்ளிக்கூடம் ஒரு சமூகத்துக்கு என்ன செய்கிறது என்ற கேள்விக்குச் சமூகவியலில் இரண்டு பெரிய விடைகள் நிலைத்திருக்கின்றன. செயற்பாட்டுவாதிகள் சொல்வது இது: ஒரு சமூகம் குலையாமல் தொடர்வதற்கு வேண்டிய பொது நம்பிக்கைகளைப் பள்ளி அடுத்த தலைமுறையிடம் சேர்க்கிறது; பிள்ளைகளின் திறமையைக் கண்டறிந்து அவரவருக்கு ஏற்ற வேலைக்கு அனுப்பிவைக்கிறது. முரண்பாட்டுவாதிகளின் விடை வேறு: சொத்தும் அதிகாரமும் உள்ளவர்களின் இடம் அவர்களுடைய பிள்ளைகளுக்கே போய்ச் சேரும்படி பள்ளி பார்த்துக்கொள்கிறது, அது நியாயமாகத்தான் நடந்தது என்று தோற்றுப்போனவர்களையும் நம்பவைக்கிறது. தேர்வுக்குப் படிப்பவர்கள் இவ்விரண்டையும் எதிரெதிர் அணிகளாக மனப்பாடம் செய்வது வழக்கம். ஆனால் பள்ளி பிள்ளைகளைத் தரம் பிரிக்கிறது என்பதில் இரு தரப்புக்கும் வேறுபாடு கிடையாது. எந்த அளவுகோலால் பிரிக்கிறது, அந்த அளவுகோல் யாருக்குச் சாதகமானது என்று கேட்கும்போதுதான் அவர்கள் பிரிகிறார்கள். படிப்பில் கெட்டிக்காரனாக இருக்கும் ஏழை வீட்டுப் பிள்ளைக்கு என்ன ஆகிறது என்று பார்த்தால் அந்தப் பிரிவு தெளிவாகத் தெரியும்.

செயற்பாட்டுவாதத்தின் தொடக்கம் எமில் துர்க்கெய்ம். 1881, 1882 ஆண்டுச் சட்டங்கள் பிரான்சில் ஆரம்பக் கல்வியை இலவசமாகவும் கட்டாயமாகவும் மதச் சார்பற்றதாகவும் ஆக்கிய பிறகு, பாதிரியார் விட்டுப்போன இடத்தில் ஆசிரியர் எதைக் கொண்டு ஒழுக்கம் கற்பிப்பது என்பது அந்த நாட்டின் பெரிய கவலையாக இருந்தது. 1902-இல் சோர்போனுக்கு வந்த துர்க்கெய்ம் தம் வகுப்புகளில் இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டார். வீட்டில் பிள்ளை பாசத்துக்குக் கட்டுப்படுகிறது. வெளியுலகில் முகம் தெரியாத மனிதர்களோடு, பாசமே இல்லாத விதிகளுக்குக் கட்டுப்பட்டு வாழவேண்டும். இடையில் நிற்பது வகுப்பறை. மணி அடித்தால் உள்ளே வருவது, எல்லோருக்கும் ஒரே விதி என்பதை ஏற்பது, தான் ஒரு பெரிய கூட்டத்தின் உறுப்பு என்று உணர்வது ஆகியவற்றை அங்கேதான் பிள்ளை பழகுகிறது என்றார் அவர்.

துர்க்கெய்ம் கல்விக்குத் தந்த வரையறையில் இரண்டு பாதிகள் இருக்கின்றன. முதல் பாதி, அரசியல் சமூகம் முழுவதும் எல்லாப் பிள்ளைகளிடமும் எதிர்பார்க்கும் பொதுப் பண்புகளைப் பற்றியது. இரண்டாவது பாதி, அந்தப் பிள்ளை எந்தச் சூழலில் வாழ்வதற்கு விதிக்கப்பட்டிருக்கிறதோ அந்தச் சூழல் கேட்கும் சிறப்புப் பண்புகளைப் பற்றியது. பாடநூல்கள் முதல் பாதியை ‘சமூக ஒருமைப்பாடு’ என்ற தலைப்பில் விரிவாக எழுதிவிட்டு இரண்டாவதை வேகமாகக் கடந்துவிடுகின்றன. இன்ன சூழலுக்கென்று விதிப்பது யார் என்ற கேள்வி அந்த இரண்டாம் பாதிக்குள்தான் இருக்கிறது. துர்க்கெய்ம் அதை ஆழமாகத் தொடரவில்லை.

அதைத் தொடர்ந்தவர் அமெரிக்கரான டால்காட் பார்சன்ஸ். வகுப்பறையை ஒரு சமூக அமைப்பாக ஆராய்ந்து 1959-இல் அவர் வெளியிட்ட கட்டுரை, தேர்வில் செயற்பாட்டுவாதம் என்று கேட்டால் முதலில் நினைவுக்கு வரவேண்டிய ஒன்று. ஆரம்பப் பள்ளியின் அமைப்பை அவர் நுணுக்கமாகப் பார்த்தார். ஏறத்தாழ ஒரே வயதுள்ள, ஒரே வட்டாரத்துப் பிள்ளைகள் சமமானவர்களாக உட்காரவைக்கப்படுகிறார்கள். எல்லோருக்கும் ஒரே வேலை தரப்படுகிறது. பெரியவரான ஆசிரியர் ஒருவர் ஒரு பக்கம், பிள்ளைகள் மறுபக்கம். ஒவ்வொரு பிள்ளையின் வேலையும் ஒழுங்காக மதிப்பிடப்படுகிறது. ஓட்டப் பந்தயத்தில் எல்லோரையும் ஒரே கோட்டில் நிறுத்துவது போன்ற ஏற்பாடு இது. தொடக்கத்தில் சமமாக நிறுத்தினால்தான் பிறகு ஏற்படும் முன்பின் அவரவர் ஓட்டத்தால் வந்தது என்று சொல்லமுடியும். வீட்டில் ஒரு பிள்ளை மூத்தவன், கடைக்குட்டி, பாட்டியின் செல்லம் என்று பிறப்பாலும் உறவாலும் இடம் பெறுகிறது. வகுப்பில் அது செய்து காட்டியதற்காக இடம் பெறுகிறது. பிறப்பால் வரும் தகுதியிலிருந்து சாதனையால் வரும் தகுதிக்குப் பிள்ளையைக் கடத்திச் செல்லும் பாலம் பள்ளி என்பது பார்சன்ஸின் மையக் கருத்து.

பள்ளிக்கு இரண்டு வேலைகள் என்றார் அவர். ஒன்று, சமூகத்தின் மதிப்பீடுகளைப் பிள்ளையின் மனத்துக்குள் பதியவைப்பது. மற்றொன்று, பிள்ளைகளைப் பிற்காலத்தில் அவர்கள் ஏற்கப்போகும் பொறுப்புகளுக்குப் பங்கிடுவது. இரண்டையும் இணைக்கும் ஆணி ஒரு பொது ஒப்புதல்: வாய்ப்பு எல்லோருக்கும் நியாயமாகத் திறந்திருந்தால், கூடுதலாகச் சாதித்தவனுக்குக் கூடுதலாகக் கிடைப்பது சரிதான் என்று வென்றவனும் தோற்றவனும் ஒருங்கே ஏற்கவேண்டும். அந்த ஏற்பு இருக்கும்வரை சமத்துவமின்மை சமூகத்தைப் பிளக்காது என்பது அவர் முடிவு.

இந்த வாதத்தில் ‘வாய்ப்பு நியாயமாகத் திறந்திருந்தால்’ என்ற நிபந்தனைதான் எல்லாப் பாரத்தையும் தாங்குகிறது. அது நிறைவேறுகிறதா என்று சோதிப்பதற்கான புள்ளிவிவரமும் அதே கட்டுரையில் இருக்கிறது. பாஸ்டன் நகர வட்டாரத்து உயர்நிலைப் பள்ளிகளில் படித்த 3,348 மாணவர்களிடம் எடுத்த ஆய்வு அது. கல்லூரிக்குப் போகும் எண்ணம் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று அதில் கேட்கப்பட்டது. மாணவர்களை நுண்ணறிவுச் சோதனை மதிப்பெண்படி ஐந்து சம அடுக்குகளாகப் பிரித்தால், கடைசி அடுக்கில் 11 சதவீதம் பேரும் முதல் அடுக்கில் 52 சதவீதம் பேரும் கல்லூரிக்குப் போக நினைத்தார்கள். திறமைக்கு ஏற்பப் பங்கீடு நடக்கிறது என்பதற்கு இது சான்று. ஆனால் அதே மாணவர்களை அப்பாவின் தொழில்படி பிரித்தால், திறன் குறைந்த கூலித் தொழிலாளிகளின் பிள்ளைகளில் 12 சதவீதமும் உயர் அலுவலர்களின் பிள்ளைகளில் 80 சதவீதமும் வந்தது. அப்பாவின் தொழில் உண்டாக்கிய இடைவெளி, சோதனை மதிப்பெண் உண்டாக்கியதைவிடப் பெரியது.

இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போதுதான் ஏழை வீட்டுக் கெட்டிக்காரப் பிள்ளை கண்ணில் படுகிறான். முதல் அடுக்கு மதிப்பெண் பெற்றவர்களை மட்டும் தனியே எடுத்தால், உயர் அலுவலர் வீட்டுப் பிள்ளைகளில் 89 சதவீதம் கல்லூரியை நோக்கியிருந்தார்கள். தொழிலாளர் வரிசையின் அடிமட்டத்தில் இருந்த வீட்டுப் பிள்ளைகளில் 29 சதவீதம்தான். பார்சன்ஸ் இதை மறைக்கவில்லை. திறமையும் குடும்ப நிலையும் ஒன்றுக்கொன்று எதிராக இழுக்கும் இந்தப் பிள்ளைகள்தான் மிகவும் கவனிக்கத்தக்கவர்கள் என்றே எழுதினார். ஆனாலும் பெரும்பாலான பிள்ளைகளிடம் இரண்டும் ஒரே திசையில்தான் இழுக்கின்றன என்றும், கல்லூரிப் பாதைக்குப் போவதா என்பது ஒன்பதாம் வகுப்பு வாக்கில் முடிவாவதாகவும் அதற்கு அடிப்படை ஆரம்பப் பள்ளியில் காட்டிய தேர்ச்சியே என்றும் சொல்லி மேலே போனார். அங்கே அவர் இன்னும் சிறிது நின்றிருக்க வேண்டும். ஒரே மதிப்பெண்ணுள்ள பிள்ளைகளுக்கிடையே 60 புள்ளி இடைவெளி என்பது ஓரத்தில் குறித்துவிட்டுப் போகக்கூடிய விலகல் கிடையாது.

அந்த இடைவெளியின் காரணத்தை அதே ஆய்வைச் சேர்ந்த ஜோசஃப் கால் நேரில் போய் விசாரித்தார். சாதாரண உழைப்பாளி வீடுகளைச் சேர்ந்த, கல்லூரிக்குப் போகும் அறிவுள்ள 24 மாணவர்களையும் அவர்களின் பெற்றோரையும் சந்தித்து, 1953-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர் கண்டது இரண்டு வகைப் பெற்றோரை. ஒரு வகையினர் கிடைத்ததை வைத்துக் காலம் தள்ளினால் போதும் என்றிருந்தார்கள். பையனின் படிப்பு அவன் பாடு என்று விட்டுவிட்டார்கள். இன்னொரு வகையினர் தங்களால் ஏறமுடியாத படியில் மகனாவது ஏறவேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே உந்தினார்கள். கல்லூரிக்குப் போக முனைந்த பையன்கள் பெரும்பாலும் இரண்டாவது வகை வீடுகளிலிருந்து வந்தவர்கள். செயற்பாட்டுவாதிக்கு இது மனநிலை சார்ந்த விளக்கமாகப் போதும். ஆனால் ஓர் உயர் அலுவலர் வீட்டில் அப்படிச் சிறப்பாக உந்தவேண்டிய தேவையே எழுவதில்லை என்பதையும் கவனிக்கவேண்டும். அங்கே கல்லூரி என்பது சாப்பாடு, தூக்கம் போல நடந்தே தீரும் விஷயம். ஏழை வீட்டில் மட்டும் அதற்குத் தனி உறுதி வேண்டியிருக்கிறது.

செயற்பாட்டுவாதத்தின் இன்னொரு புகழ்பெற்ற வாதமும் இதே இடத்தில் சறுக்குகிறது. முக்கியமான வேலைகளுக்குத் தகுதியானவர்கள் நீண்ட பயிற்சியைப் பொறுத்துக்கொண்டு வரவேண்டுமானால் அவற்றுக்கு அதிக வெகுமதி இருந்தாக வேண்டும் என்று கிங்ஸ்லி டேவிஸும் வில்பர்ட் மூரும் 1945-இல் எழுதினார்கள். பயிற்சிக்குள் நுழையும் வாய்ப்பே சமமாக இல்லாத சமூகத்தில் யாரிடம் திறமை இருக்கிறது என்று எப்படித் தெரியும் என்று 1953-இல் மெல்வின் டியூமின் திருப்பிக் கேட்டார். தலைமுறை தலைமுறையாக வெகுமதி மேலே குவியக் குவிய, கீழே இருக்கும் திறமையைக் கண்டுபிடிக்கும் வழி அடைபட்டுக்கொண்டே போகும் என்பது அவருடைய மறுப்பு.

முரண்பாட்டுவாதம் இந்த இடைவெளியைத் தன் தொடக்கப் புள்ளியாக வைத்துக்கொள்கிறது. சாமுவேல் பௌல்ஸும் ஹெர்பர்ட் கின்டிஸும் 1976-இல் முதலாளித்துவ அமெரிக்காவின் பள்ளிக்கல்வி பற்றி எழுதிய நூல் இதன் செவ்வியல் வடிவம். குழந்தைப் பருவத்தில் ஒரே நுண்ணறிவு மதிப்பெண் பெற்றவர்களை ஒப்பிட்டாலும் குடும்பப் பின்னணி உயர உயரப் படித்த ஆண்டுகளும் பின்னாளில் பெறும் வருமானமும் உயர்கின்றன என்று அவர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். பிறகு இன்னும் ஆழமான ஒரு கேள்வி கேட்டார்கள்: பள்ளி உண்மையில் எதற்கு மதிப்பெண் போடுகிறது?

அதற்கு அவர்கள் பயன்படுத்திய ஆய்வுகளில் ஒன்று, நியூயார்க் மாநிலத்து உயர்நிலைப் பள்ளி ஒன்றின் இறுதி வகுப்பு மாணவர்கள் 237 பேரைப் பற்றியது. மாணவர்களின் குணங்கள் பதினாறு அளவுகளில் மதிப்பிடப்பட்டு, அவர்களுடைய பள்ளி மதிப்பெண்ணோடு ஒப்பிடப்பட்டன. சோதனைகளில் தெரிந்த அறிவாற்றலைக் கணக்கில் எடுத்து ஒதுக்கிய பிறகும், விடாமுயற்சி, நம்பகம், நேரந்தவறாமை, பள்ளியைத் தன்னுடையதாக எண்ணுதல் போன்ற குணங்கள் உள்ளவர்களுக்கு மதிப்பெண் கூடியது. படைப்பூக்கமும் தன்னிச்சையும் முனைப்பும் உள்ளவர்களுக்குக் குறைந்தது. தொழிலாளர்களைப் பற்றி அவர்களோடு தொடர்புடைய வேறோர் ஆய்வில், மேற்பார்வையாளர்கள் நல்ல பணியாளர் என்று மதித்த குணங்களும் ஏறக்குறைய இதே பட்டியலாக இருந்தன. வகுப்பறை உறவுகள் தொழிற்சாலை உறவுகளின் அச்சில் வார்க்கப்பட்டிருக்கின்றன என்ற ‘ஒத்திசைவுக் கோட்பாடு’ இதிலிருந்து வருகிறது. மாணவனுக்குப் பாடத்திட்டத்தின் மீது அதிகாரம் கிடையாது, தொழிலாளிக்கு உற்பத்தியின் மீது அதிகாரம் இல்லாதது போல. அவன் மதிப்பெண்ணுக்காகப் படிக்கிறான், இவன் கூலிக்காக உழைக்கிறான். பாடப்புத்தகத்தில் எங்கும் எழுதப்படாத இந்தப் பயிற்சியே மறைமுகப் பாடத்திட்டம்.

இங்கே துர்க்கெய்மைத் திரும்பிப் பார்த்தால், நேரத்துக்கு வருவது, விதிக்கு அடங்குவது என்று அவர் கண்ட அதே விஷயங்களைத்தான் பௌல்ஸும் கின்டிஸும் காண்கிறார்கள். அவருக்கு அது எல்லோரும் சேர்ந்து வாழத் தேவையான ஒழுக்கம். இவர்களுக்கு அது ஒரு வர்க்கம் இன்னொரு வர்க்கத்திடம் எதிர்பார்க்கும் கீழ்ப்படிதல். எது சரி என்று அந்த 237 மாணவர்களின் கணக்கு தனியே தீர்த்துவைக்காது. அது ஒரே பள்ளியில் எடுத்தது; தவிர, நேரந்தவறாத மாணவனுக்குக் கூட்டுறவுச் சங்கத்திலும் மருத்துவமனையிலும்கூட நல்ல பெயர்தான் கிடைக்கும். மேற்பார்வையாளரும் ஆசிரியரும் ஒரே குணத்தை விரும்புகிறார்கள் என்பதால் ஒருவருக்காக மற்றவர் வேலை செய்கிறார் என்று ஆகிவிடாது. இன்னொரு பலவீனம் கோட்பாட்டின் உள்ளேயே இருக்கிறது. முதலாளித்துவத்துக்கு அடங்கிய உழைப்பாளி தேவை, ஆகவே பள்ளி அப்படி இருக்கிறது என்ற விளக்கம், சமூகத்துக்கு ஒற்றுமை தேவை, ஆகவே பள்ளி அப்படி இருக்கிறது என்ற விளக்கத்தின் அதே வடிவத்தில் அமைந்தது. தேவையைக் காட்டிவிட்டால் காரணத்தைக் காட்டிவிட்டதாக இரண்டும் எண்ணுகின்றன. முரண்பாட்டுவாதத்துக்குள் ஒளிந்திருக்கும் இந்தச் செயற்பாட்டுவாதத்தைக் கண்டுகொள்ளும் மாணவர், இரண்டையும் கறுப்பு வெள்ளையாக எழுதுபவரைவிட நன்றாகப் புரிந்துகொண்டவர்.

அந்தப் பலவீனத்தைப் பால் வில்லிஸின் களப்பணி ஓரளவு சரிசெய்தது. இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு தொழில் நகரத்தில், உழைப்பாளி வீடுகளைச் சேர்ந்த 12 பையன்களைப் பள்ளியின் கடைசிக் காலத்திலும் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதங்களிலும் பின்தொடர்ந்து, 1977-இல் நூலாக எழுதினார். இந்தப் பையன்களிடம் கீழ்ப்படிதல் என்பதே இல்லை. ஆசிரியரைக் கேலி செய்தார்கள், வகுப்பைக் கலைத்தார்கள், சொன்னபடி கேட்கும் மாணவர்களை இளக்காரமாகப் பார்த்தார்கள். நன்றாகப் படித்தால் முன்னேறலாம் என்ற பள்ளியின் வாக்குறுதி தங்களில் ஒருவர் இருவருக்குப் பலிக்கலாம், தங்கள் கூட்டத்துக்கே பலிக்காது என்பதை அவர்கள் சரியாகவே கணித்திருந்தார்கள். ஆனால் மூளை உழைப்பைப் பெண்மைத்தனம் என்று ஒதுக்கி உடல் உழைப்பை ஆண்மையாகக் கொண்டாடிய அவர்களின் எதிர்ப்பே, கடைசியில் அவர்களை அப்பாக்கள் வேலை செய்த தொழிற்சாலைக்குள் விருப்பத்தோடு நடத்திச் சென்றது. ஒத்திசைவுக் கோட்பாடு சொன்ன முடிவு வந்தது. அது சொன்ன வழியில் வரவில்லை.

முரண்பாட்டுவாதத்தை மார்க்சோடு நிறுத்திவிடுவதும் ஒரு பொதுவான குறை. மாக்ஸ் வெபர் வழியில் வந்த ராண்டல் காலின்ஸ், பட்டங்களுக்கான தேவை தொழில்நுட்ப வளர்ச்சியால் மட்டும் ஏறவில்லை என்று 1970-களில் வாதிட்டார். நல்ல வேலைகளைத் தங்களுக்குள் வைத்துக்கொள்ள விரும்பும் குழுக்கள் நுழைவுச் சான்றிதழின் மட்டத்தை உயர்த்திக்கொண்டே போகின்றன. மற்றவர்கள் அந்த மட்டத்தை எட்டும்போது அது இன்னும் மேலே போயிருக்கிறது. பியர் பூர்தியு வேறொரு பக்கம் காட்டினார். படித்த வீட்டின் பேச்சு, ரசனை, புத்தகப் பழக்கம் ஆகியவற்றைப் பள்ளி யாருக்கும் கற்றுத் தருவதில்லை, ஆனால் எல்லோரிடமும் எதிர்பார்க்கிறது. அவை இருக்கும் பிள்ளையைப் பிறவிப் புத்திசாலி என்கிறது. பாஸ்டன் கணக்கில் வந்த 60 புள்ளி இடைவெளிக்கு, கால் சொன்ன பெற்றோரின் உந்துதலைவிட அகலமான விளக்கம் இது.

இரண்டு கோட்பாடுகளையும் ஒரே நிகழ்ச்சியின் மேல் வைத்துப் பார்க்கத் தமிழகத்தில் நடந்த ஒன்று மிகவும் பொருத்தமானது. 1953-இல் சென்னை மாநில முதலமைச்சராக இருந்த ராஜாஜி கிராமப்புறங்களுக்கு ஒரு புதிய ஆரம்பக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தார். வகுப்பு நேரம் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. ஒரு பகுதிப் பிள்ளைகள் காலையில், மறு பகுதியினர் பிற்பகலில் வருவார்கள். மீதிப் பொழுதில் பெற்றோரின் தொழிலைப் பழகுவார்கள். அப்படித் தொழில் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் ஊரில் உள்ள வேறு தொழிலாளியிடம் பழகலாம். பள்ளிக்கு வெளியே ஏராளமான பிள்ளைகள் இருந்தார்கள், கருவூலத்தில் பணம் இல்லை, அதே கட்டடத்தையும் அதே ஆசிரியரையும் கொண்டு இரு மடங்கு பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அரசின் கணக்கு. இதை ஆராய அமைக்கப்பட்ட பருலேக்கர் குழுவும் திட்டத்தை ஆதரித்தது. பெரியார் இதைக் குலக்கல்வித் திட்டம் என்று அழைத்தார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. போராட்டங்கள் வலுத்தன. 1954-இல் ராஜாஜி பதவி விலகினார், அவருக்குப் பின் வந்த காமராசர் திட்டத்தைக் கைவிட்டார்.

மேலோட்டமாகப் பார்த்தால் திட்டத்தின் பக்கம் செயற்பாட்டுவாதமும் எதிர்ப்பின் பக்கம் முரண்பாட்டுவாதமும் நிற்பதாகத் தோன்றும். துர்க்கெய்மின் வரையறையின் இரண்டாம் பாதிக்கு இதைவிட நேரடியான உதாரணம் கிடைக்காது: குயவர் வீட்டுப் பிள்ளை சக்கரத்துக்கும் நெசவாளி வீட்டுப் பிள்ளை தறிக்கும் தயார் செய்யப்படுகிறான், கிராமத்தின் தொழில் ஒழுங்கு குலையாமல் நிற்கிறது. ஆனால் பார்சன்ஸின் அளவுகோல்களை எடுத்து வைத்தால் திட்டம் ஒவ்வொன்றிலும் தோற்கிறது. எல்லோருக்கும் ஒரே வேலை என்பது அரை நாளோடு முடிகிறது. மீதி அரை நாளில் பிள்ளையை மதிப்பிடுவது ஆசிரியர் அல்ல, அப்பா. பிறப்பால் வரும் தகுதியிலிருந்து பிள்ளையைக் கடத்திச் செல்லவேண்டிய பாலம், பாதி வழியில் அவனைப் பிறந்த இடத்துக்கே திருப்பி அனுப்புகிறது. காந்தியின் ஆதாரக் கல்வியோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு கூர்மையாகத் தெரியும். 1937-இல் வார்தாவில் உருவான அந்தத் திட்டத்திலும் கைத்தொழில் உண்டு, ஆனால் அது பள்ளிக்குள், ஆசிரியரின் கீழ், வகுப்பில் உள்ள எல்லோருக்கும் ஒரே தொழிலாக இருந்தது. யார் வீட்டுப் பிள்ளை என்று அந்த ராட்டை கேட்காது. 1953-இன் திட்டத்தில் தொழில் பள்ளிக்கு வெளியே போனது. சாதியும் தொழிலும் ஒட்டிக்கிடந்த கிராமத்தில் அதன் பொருள் சாதியாகத்தான் இருக்கமுடியும். இதைச் சொல்ல முரண்பாட்டுவாதி ஆகவேண்டியதில்லை. உண்மையான செயற்பாட்டுவாதியே அந்தத் திட்டத்தை எதிர்த்திருக்க முடியும்.

முரண்பாட்டுவாதத்துக்கும் இந்த நிகழ்ச்சி ஒரு சங்கடம் தருகிறது. எதிர்த்தவர்கள் கேட்டது முழு நாள் பள்ளி. அதே மணி, அதே வரிசை, அதே தேர்வு. பௌல்ஸும் கின்டிஸும் சந்தேகக் கண்ணோடு பார்த்த அத்தனையும் தங்கள் பிள்ளைகளுக்கு முழுமையாக வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். அவர்கள் ஏமாந்துபோனவர்கள் என்று சொல்லித் தப்பிக்கமுடியாது. தங்களுக்கு எது நன்மை என்று நன்றாகத் தெரிந்தே கேட்டார்கள். பள்ளி இல்லாமலேயே தொழிலையும் தகுதியையும் பிறப்பால் கைமாற்றிக்கொடுக்கும் ஒரு சமூகத்தில், ‘எல்லோருக்கும் ஒரே அளவுகோல்’ என்ற விதி பழைய ஒழுங்கைக் காப்பாற்றாது, உடைக்கும். வர்க்கச் சமூகத்தில் பள்ளியின் பொது அளவுகோல் சமத்துவமின்மையை மூடிமறைக்கக்கூடும். சாதிச் சமூகத்தில் அதுவே சமத்துவத்துக்கான முதல் உரிமைக் கோரிக்கையாகலாம். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் உருவான முரண்பாட்டுக் கோட்பாட்டை அப்படியே எடுத்து இங்கே பொருத்தும்போது தவறிப்போவது இந்த வேறுபாடு.

அதற்காகப் பள்ளிக்குள் நுழைந்துவிட்டாலே அளவுகோல் பொதுவாகிவிடும் என்று எண்ணவும் இடமில்லை. அம்பேத்கர் தம் பள்ளி நாட்களைப் பற்றி எழுதியிருக்கிறார். வகுப்பில் அவருக்குத் தனி இடம். உட்கார்வதற்குக் கோணியை வீட்டிலிருந்து கொண்டுவரவேண்டும். தாகம் எடுத்தால் குழாயை அவர் தொடக்கூடாது, பள்ளி ஊழியர் திறந்துவிடவேண்டும்; அந்த ஊழியர் இல்லாத நாளில் தண்ணீர் இல்லை. தேர்வின் அளவுகோல் மட்டும் மற்ற மாணவர்களுக்கு இருந்ததே. பார்சன்ஸ் கண்ட பொது அளவுகோலும் பௌல்ஸும் கின்டிஸும் கண்ட மறைமுகப் பாடத்திட்டமும் ஒரே அறையில், ஒரே பிள்ளையின் மேல், ஒரே நேரத்தில் வேலை செய்தன. ஒன்று அவரை மெட்ரிகுலேஷன் வரை கொண்டுபோனது. மற்றது ஒவ்வொரு நாளும் அவருடைய இடத்தை நினைவூட்டியது. ஆகவே ஒரு பள்ளியை ஆராய்பவர் தேர்வு முடிவை மட்டும் பார்த்தால் ஒரு கோட்பாடும், குழாயடியை மட்டும் பார்த்தால் மற்றதும் உறுதிப்பட்டதாகத் தோன்றும். இரண்டையும் பார்க்கவேண்டும்.

எந்தக் கோட்பாடு வலுவானது என்பதை நீண்ட காலப் போக்கிலும் சோதிக்கலாம். பள்ளிக்கல்வி விரிவடைய விரிவடையக் குடும்பப் பின்னணியின் பிடி தளர்ந்தால் பார்சன்ஸின் நிபந்தனை மெல்ல நிறைவேறுகிறது என்று பொருள். தளராவிட்டால் முரண்பாட்டுவாதம் வலுப்பெறுகிறது. யோசி ஷவிட்டும் ஹான்ஸ்-பீட்டர் ப்ளோஸ்ஃபெல்டும் 1993-இல் தொகுத்து வெளியிட்ட ஆய்வு 13 நாடுகளை இந்தக் கேள்வியோடு பார்த்தது. எங்கும் கல்வி பெருமளவு விரிந்திருந்தும், குடும்ப நிலைக்கும் படிப்புக்கும் உள்ள தொடர்பு தெளிவாகத் தளர்ந்தது ஸ்வீடனிலும் நெதர்லாந்திலும் மட்டுமே. பல ஆண்டுகள் இதுவே முரண்பாட்டுவாதத்தின் வலுவான சான்றாக இருந்தது. பிறகு 2009-இல் ரிச்சர்ட் பிரீனும் உடன் ஆய்வாளர்களும் எட்டு ஐரோப்பிய நாடுகளை, இன்னும் பெரிய மாதிரிகளைக் கொண்டு மறுபடி பார்த்தபோது, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பல நாடுகளில் அந்தப் பிடி தளர்ந்திருந்தது தெரிந்தது. முந்தைய ஆய்வுகளின் சிறிய மாதிரிகளில் அந்த மாற்றம் புலப்படவில்லை. தளர்ந்த காலம், ஐரோப்பிய உழைப்பாளர் வாழ்க்கைத்தரம் உயர்ந்த காலமும்கூட: வருமானம் கூடியது, நலத்திட்டங்கள் வந்தன, பள்ளிச் செலவு குறைந்தது. 1956-இல் காமராசர் பள்ளிகளில் மதிய உணவைத் தொடங்கியபோது மாற்ற முயன்றதும் அளவுகோலை அல்ல. அந்த அளவுகோலின் முன்னால் பசியோடு வந்து நின்ற பிள்ளையின் நிலைமையை.